வர்றேன் டாக்டர்

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. சேரில் புது உறை போட்டாயிற்று, ட்ரேயில் கண்ணாடியும் ரப்பர் டேமும் தயார். ரூட் கெனால் ஸ்பெஷலிஸ்ட் தஞ்சாவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, கை கழுவி, கிளவுஸ் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து மணி பேஷன்ட் வரவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

"வந்துட்டே இருக்கேம்மா, பக்கத்துலதான்."

ஐந்தே முக்காலுக்கு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆறு மணிக்காரர் போனையே எடுக்கவில்லை. ஏழு மணிக்கு வந்தவர் ஒருவருக்கு மட்டும் வேலை செய்துவிட்டு ஸ்பெஷலிஸ்ட் கிளம்பினார். எங்களைப் போன்ற சின்ன கிளினிக்குகளுக்கு வந்துபோகும் ஸ்பெஷலிஸ்டுகளுக்கு கேஸ் கணக்கில்தான் பணம். ஒரு கேஸுக்கு ஒரு சாயங்காலத்தையும் பெட்ரோலையும் செலவழித்தவர் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்குச் சங்கடம்.

கும்பகோணத்தில் இரண்டு சேர் வைத்த பல் கிளினிக் என்னுடையது. "இந்த ஜனங்களே இப்படித்தான்" என்று பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். வரமாட்டேன் என்று போன் செய்தவர்களை விட்டுவிட்டு, சொல்லாமல் வராதவர்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். அந்த மாதம் கொடுத்தது 212 அப்பாயின்ட்மென்ட். சிவப்பு வட்டம் 47.

எண்ணிக்கையைவிட, வட்டங்கள் எங்கே விழுந்தன என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. 17 பேர் ரூட் கெனாலின் இரண்டாவது, மூன்றாவது சிட்டிங்குக்கு வரவேண்டியவர்கள். 14 பேர் போனில் முதல் தடவையாக நேரம் கேட்டவர்கள். 9 பேர் க்ளீனிங்குக்கு. மிச்சம் கிளிப் டைட் பண்ண வேண்டிய நான்கு பிள்ளைகளும், கேப் மாட்ட வேண்டிய மூன்று பேரும். அதிகம் தவறியதே ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. அதிலும், ஏற்கெனவே பாதி சிகிச்சை முடித்து, பணமும் கட்டியவர்கள். மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் நம்புகிற மாதிரி இல்லை.

அடுத்த வாரம் நானே அந்த 47 பேருக்கும் போன் செய்தேன். ரிசப்ஷன் பெண் செய்தால் விசாரணை மாதிரி இருக்கும். டாக்டரே செய்தால் கொஞ்சம் பதறிப்போய் உண்மையைச் சொல்வார்கள் என்று ஒரு கணக்கு. கிடைத்தது 31 பேர். பதினொரு பேர் சொன்னது ஒரே பதில்: "வலி போயிடுச்சு டாக்டர்." எட்டுப் பேர் நிஜமாகவே மறந்தவர்கள். ஏழு பேருக்கு வேறு வேலை வந்துவிட்டது, ஆனால் போன் பண்ணிச் சொல்லக் கூச்சம். மூன்று பேர் வேறு கிளினிக் போய்விட்டார்கள். இரண்டு பேர் மட்டும் காசு இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார்கள். "வேலை வந்துடுச்சு" என்றவர்களிலும் சிலருக்குக் காசுதான் காரணமாக இருந்திருக்கும். மாசக் கடைசியில் வட்டம் கூடுவதை நோட்டே காட்டியது.

31 பேரில் மறந்தவர்கள் எட்டே பேர். கிளினிக்குக்காரர்கள் எல்லோரும் முதலில் ஓடுவது ரிமைண்டர் மெசேஜ் போட. நானும் அப்படித்தான் ஓடினேன். ரிமைண்டரால் பலன் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட தொகுப்பில், ரிமைண்டர் இல்லாதபோது 67.8 சதவீதம் பேர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வந்தார்கள், போனில் மெசேஜ் அனுப்பியபோது 78.6, கூப்பிட்டுப் பேசியபோது 80.3. ஏற்றம் நல்ல ஏற்றம்தான். ஆனால் கூப்பிட்டுப் பேசியும் ஐந்தில் ஒருவர் வரவில்லை. அந்த ஐந்தாவது ஆளுக்கு ஞாபகசக்தியில் குறையொன்றும் இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட "போறேன்" என்று சொல்லாமல் "வர்றேன்" என்று சொல்கிற ஆட்கள் நாம். டாக்டரிடம், அதுவும் முகத்துக்கு நேரே, "வரலை" என்று எப்படிச் சொல்வது? அதனால் "வர்றேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுகிறோம். இது புரிந்த பிறகுதான் ரிமைண்டர் எதற்கு என்பதே எனக்குத் தெளிவானது. வரமுடியாதவர் வாயிலிருந்து "வரலை" என்பதை இரண்டு நாள் முன்னாடியே மரியாதையாக வரவழைக்கத்தான் அது. புதன் ஐந்து மணி காலி என்பது திங்கட்கிழமையே தெரிந்தால் அதில் வேறு ஆளைப் போடலாம். புதன் ஐந்தே முக்காலுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மெசேஜுக்குப் போகும் முன், வலி போனவர்கள் கதை. முதல் சிட்டிங்கில் பல்லைத் திறந்து, வீங்கிப்போன நரம்பை எடுத்து, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்புகிறோம். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். பேஷன்ட்டைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. எங்களைப் பொறுத்தவரை இனிமேல்தான் வேலையே. அந்த அடைப்பு சில வாரம் தாங்கும், பிறகு ஓரத்தில் கசியும். கிருமி மறுபடி உள்ளே இறங்கும். இல்லாவிட்டால், கேப் போடாத பல் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். ஆறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருபவரிடம், பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொன்ன நேரம் தப்பு. வாய் மரத்து, பாதி மயக்கத்தில் எழுந்திருப்பவரிடம், கிளவுஸைக் கழற்றிக்கொண்டே சொல்வேன். இப்போது அவர் வாய் கொப்பளித்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து ஒரே விஷயம் சொல்கிறேன்: "நாளன்னிக்கு வலி சுத்தமா போயிடும். பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. வலியைச் சொல்ற நரம்பை எடுத்துட்டோம், அவ்வளவுதான். வலி போனதும் ஞாபகமா வரணும்." வலி போகும்போது என் வார்த்தையும் கூடவே ஞாபகம் வரட்டும் என்பதுதான் திட்டம். இதற்குப் பைசா செலவில்லை. நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். தனியாகப் பிரித்து அளந்து பார்க்கவில்லை.

அடுத்தது நேரம் கொடுப்பது. முன்னால் நாங்களே "புதன் அஞ்சு மணி" என்று சீட்டு எழுதி நீட்டுவோம். தலையாட்டிவிட்டு வாங்கிப் போவார்கள். வீட்டுக்குப் போய் காலண்டரைப் பார்த்தால் அன்றைக்குக் கரிநாள், இல்லை அஷ்டமி, இல்லை மச்சினன் வீட்டு வளைகாப்பு. இப்போது ரிசப்ஷன் மேஜையில் தினசரி காலண்டர் இருக்கிறது. தேதி சொன்னதும் அந்தத் தாளைப் புரட்டி, "அன்னிக்கு முகூர்த்தம் இருக்குங்க, வீட்ல விசேஷம் ஏதாவது உண்டா?" என்று எங்கள் பெண்ணே கேட்டுவிடுகிறாள். அறிவியல் படித்த டாக்டர் ராகுகாலம் பார்க்கலாமா என்று கேட்கக்கூடாது. நான் பார்க்கவில்லை, வருகிறவர் பார்க்கிறார். கடைசியில் சீட்டையும் பேனாவையும் அவரிடமே கொடுத்து, தேதியையும் நேரத்தையும் அவர் கையாலேயே எழுதச் சொல்கிறோம். தன் கையால் எழுதியதை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிட்டால், ஏழு மணியை ஆறு என்று புரிந்துகொண்டு வருகிற குழப்பமும் இல்லை.

இனி மெசேஜ். முதல் முயற்சி படுதோல்வி. வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு, மறுநாள் வரவேண்டிய எல்லோருக்கும் ஒரே மெசேஜை, அதுவும் இங்கிலீஷில் அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பல் டாக்டர் நம்பரை யார் சேமித்து வைப்பார்கள்? அன்றிலிருந்து தனித்தனியாக, ஆளாளுக்குப் பேர் போட்டு அனுப்புகிறோம். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர்தான். குயிக் ரிப்ளையில் மெசேஜை வைத்துக்கொண்டு பேரையும் நேரத்தையும் மாற்றினால் பத்து நிமிஷ வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வரும் இடமாக இருந்தால் தானாகவே அனுப்பும் மென்பொருள் வாங்கலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது போகும் மெசேஜ் இது:

"வணக்கம் ____ சார். 14-ம் தேதி புதன்கிழமை மாலை 5 மணிக்கு உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வருவதாக இருந்தால் 1 என்று அனுப்புங்கள். வேறு நாள் வேண்டுமென்றால் 2 என்று அனுப்புங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்."

சாதாரண மெசேஜ்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு அடி வாங்கிய கதை இருக்கிறது. முதலில் "நாளை மறுநாள்" என்று எழுதியிருந்தோம். மெசேஜை ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தவர் வியாழக்கிழமை வந்து நின்றார். "5 மணி" என்று மட்டும் போட்டதால் விடியற்காலை பால் வாங்கும் நேரத்தில் ஒருவர் வந்து பூட்டிய கதவைத் தட்டினார் என்று எதிர்க் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். முன்பு மூன்றாவதாக "ரத்து செய்ய 3" என்று ஒன்று இருந்தது. ஒருத்தர்கூட 3 அனுப்பியதில்லை. ரத்து என்பது கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது போலிருக்கிறது. "வேறு நாள்" என்றால் உறவு முறியவில்லை. 2 அனுப்புகிறவர்களில் சிலர் அந்த வேறு நாளைக் கடைசிவரை கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை. காலி நேரம் கைக்கு வந்துவிட்டதே.

மெசேஜில் என்ன சிகிச்சை என்பதை எழுதவே கூடாது என்பதை ஒரு சங்கடத்தில் கற்றுக்கொண்டோம். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதில் விழுந்து உடைந்த முன்பல்லுக்குப் பதில் பல் கட்டிக்கொண்டிருந்தோம். "உங்கள் செயற்கைப் பல் தயார்" என்று போன மெசேஜ், போன் திரையில் மேலாக வந்து நின்றபோது, பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்தப் பெண் எங்களிடம் அழுத அழுகையை மறக்க முடியவில்லை. இப்போது பேர், தேதி, நேரம், அதோடு சரி.

இன்னொன்று, நம்பர் யாருடையது என்பது. வயதானவர்கள் ஃபைலில் கொடுத்திருப்பது பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளையின் நம்பர். ரிமைண்டர் அங்கே போய் இரண்டு நீல டிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மா இங்கே சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே ஃபைலில் இப்போது இரண்டு கட்டம்: "வாட்ஸ்அப் பார்க்கிறவர் யார்", "கூப்பிட்டால் எடுக்கிறவர் யார்". இரண்டாவது பெரும்பாலும் பட்டன் போன்.

பட்டன் போன்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று விசாரித்தேன். மொத்தமாக அனுப்ப டிராய் விதிப்படி டிஎல்டி தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயரும் மெசேஜின் வாசகமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அது ஒருபுறம் இருக்க, தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துதான். இங்கிலீஷில் 160. அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. "கிளினிக்" கண்ணுக்கு நான்கு எழுத்து. மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் எட்டு. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது மெசேஜுக்குக் காசு விழும். இவர்களை நேராகக் கூப்பிட்டுவிடுவதே லாபம் என்று விட்டுவிட்டேன்.

நேர ஒழுங்கு இப்படி: இரண்டு நாள் முன்னால் காலை பத்தரைக்கு மெசேஜ். மறுநாள் காலை வரை பதில் இல்லையென்றால் போன். இரண்டாவது மெசேஜ் அனுப்புவதில்லை, முதலாவதைப் பார்க்காதவர் இரண்டாவதையும் பார்க்கமாட்டார். அன்றைய தினம் மூன்று மணி நேரம் முன்னால் "5 மணிக்குச் சந்திப்போம்" என்று ஒரு வரி, பதில் கேட்காமல். 2 என்று வந்த உடனே எங்கள் பெண் இன்னொரு நோட்டைத் திறக்கிறாள். "கூப்பிட்டா வர்றவங்க" என்று அட்டையில் எழுதியிருக்கும். ரிட்டயர்ட் வாத்தியார், எதிர்த் தெரு டெய்லர், பேங்க் கேஷியர் என்று, பக்கத்திலேயே இருந்துகொண்டு சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று காத்திருப்பவர்கள். இந்த நோட்டு இல்லாமல் ரிமைண்டர் அனுப்புவது பாதி வேலைதான்.

இதற்கே இரண்டு மாதத்தில் வட்டங்கள் குறைந்தன. ஆனால் ரூட் கெனால் வரிசையில் இன்னமும் ஏழெட்டு. 1 என்று பதில் அனுப்பிவிட்டு வராதவர்கள் இவர்கள். "வர்றேன்" என்பது விரலுக்கும் பழகிவிட்டது. அப்போதுதான் அட்வான்ஸ் பேச்சு வந்தது.

எங்கள் பெண் மிரண்டுவிட்டாள். "அக்கா, டாக்டரு காசுக்கு அலையுறாங்கன்னு பேசுவாங்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எனவே யாரிடம் வாங்கக்கூடாது என்பதை முதலில் எழுதினோம். வலியோடு வருகிறவரிடம் கிடையாது. முதல் தடவை காட்ட வருகிறவரிடம் கிடையாது. குழந்தைகள், க்ளீனிங், கிளிப் எதற்கும் கிடையாது. ஸ்பெஷலிஸ்ட் வரும் நாளில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரூட் கெனாலுக்கும், பல் கட்டும் நீளமான சிட்டிங்குக்கும் மட்டும்.

எவ்வளவு என்பதில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். முதலில் 500 கேட்டோம். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனவர்கள் சொல்லவே இல்லை. பயந்து 100 ஆக்கினோம். கொடுத்தார்கள், வராமலும் இருந்தார்கள். 100 ரூபாயை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. 300-ல் நின்றது. எங்கள் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 300 எந்த மூலைக்கும் காணாது. கணக்கு அதில்லை. விட்டுவிட மனசு வராத, கேட்டால் சண்டைக்கு வராத ஒரு தொகை. உங்கள் ஊரில், உங்கள் வேலையில் அது வேறாக இருக்கும். நான்கு மணி நேரம் பிடிக்கும் கெரட்டின் செய்கிற பார்லருக்கு 300 போதாது. புருவம் திருத்த வருகிறவரிடம் அட்வான்ஸ் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

வார்த்தை விஷயமும் இருக்கிறது. "டெபாசிட்" என்றோம், திரும்பி வருமா வராதா என்ற சந்தேகம் வந்தது. "புக்கிங் ஃபீஸ்" என்றால் தனிச் செலவு. "அட்வான்ஸ்" என்றதும் ஒரு கேள்வியும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கும் மேளக்காரருக்கும் கொடுத்துப் பழகியது, கடைசி பில்லில் கழிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். எண்பது வயது தாத்தா ஒருவர் மட்டும், "அச்சாரமா டாக்டர்? அப்ப வெத்தலை பாக்கு எங்கே?" என்றார்.

வாங்குகிற இடமும் முக்கியம். தனியாகக் கேட்டால் இடிக்கும். முதல் சிட்டிங் முடிந்து பணம் கட்டும்போதே சேர்த்துவிடுகிறோம்: "இன்னிக்கு 1,500 ங்க. அடுத்த புதனுக்கு அட்வான்ஸ் 300, கடைசி பில்லுல கழிச்சுடுவோம். முந்தின நாள் ஆறு மணிக்குள்ள சொன்னீங்கன்னா அப்படியே திருப்பிடுவோம்." ஒரே ஜிபேயில் 1,800. அடுத்த சிட்டிங்குக்குப் போனில் நேரம் கேட்பவர்களுக்குத்தான் கொஞ்சம் ஏற்பாடு தேவைப்பட்டது. தொகையும் குறிப்பும் உள்ளே வைத்த யு.பி.ஐ. இணைப்பை க்யூஆர் படமாக்கி அனுப்புகிறோம்:

```
upi://pay?pa=clinic@bank&pn=Clinic&am=300.00&cu=INR&tn=14-5PM
```

இதில் tn என்பதுதான் குறிப்பு. 14-ம் தேதி ஐந்து மணி என்பது பணத்தோடேயே வந்துவிடுவதால் இந்த 300 யாருடையது என்று தேடவேண்டியதில்லை. இந்த வரியை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தொட்டுத் திறக்க முடியாது, அதனால்தான் படம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை, நம் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகுதான் நோட்டில் டிக். வரும் அட்வான்ஸை அன்றைய வசூலில் சேர்க்காமல் தனிப் பத்தியில் எழுதுகிறோம். அது இன்னும் நம் காசு ஆகவில்லை.

முதல் மாதம் ஐந்து பேர் அட்வான்ஸ் என்றதும் பின்வாங்கினார்கள். வருத்தமாக இருந்தது. யோசித்தால், அந்த ஐந்து பேரில் பாதிப்பேராவது சிவப்பு வட்டமாக ஆகியிருப்பார்கள். அட்வான்ஸ் செய்கிற வேலையில் பாதி இது. வர நினைக்காதவரை நேரம் கொடுக்கும்போதே "இல்லைங்க" என்று சொல்லவைத்துவிடுகிறது.

இன்னொரு பக்கம் ஒரு வில்லங்கம் முளைத்தது. ஒரு மனிதர் வரவில்லை. கூப்பிட்டால், துளிக்கூடக் கூச்சமில்லாமல், "அதான் 300 குடுத்திருக்கேனே, அதுல எடுத்துக்குங்க" என்றார். முன்பாவது வராதவர் "சாரி டாக்டர்" என்பார். இவர் விலை கொடுத்து வாங்கிவிட்டார். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 2000-ல் வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி போய், காசுக்குக் கிடைக்கும் சேவையாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழையபடி குறையவில்லை.

அதைப் படித்ததும் விதியை மாற்றினேன். சொல்லாமல் வராமல் போனால் முதல் தடவை பணத்தை எடுத்துக்கொள்வதில்லை. "அட்வான்ஸ் அப்படியே இருக்குங்க, ஸ்பெஷலிஸ்ட் தஞ்சாவூர்லேருந்து வந்து காத்திருந்துட்டுப் போனாரு. அடுத்த புதன் வர்றீங்களா?" என்று கேட்கிறோம். பணம் பத்திரமாக இருக்கிறது, காத்திருந்த ஆளும் கண் முன்னால் வருகிறார். பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். இரண்டாவது தடவையும் அப்படியென்றால் 300 போய்விடும், அடுத்து ஸ்பெஷலிஸ்ட் நாளில் நேரம் கிடையாது. சாவு வீடு, ஆஸ்பத்திரி, மழை வெள்ளம் என்றால் எந்த விதியும் கிடையாது, கேட்கவும் மாட்டோம். முந்தின நாள் சொல்லிவிட்டால் அந்த மணி நேரத்துக்குள் பணம் திரும்பப் போய்விடும். இரண்டு நாளில் போடுகிறோம் என்று இழுத்தால், எல்லா ஏற்பாடும் வீண். உடனே திரும்பி வந்த 300 பற்றி ஊரில் பேசிக்கொண்டதுதான் எங்கள் பெண்ணின் பயத்தைப் போக்கியது.

நான்காவது மாதம் மறுபடி நோட்டை எண்ணினேன். 204 அப்பாயின்ட்மென்ட், 19 வட்டம். ரூட் கெனால் 4. முதல் தடவைக்காரர்கள் 6. க்ளீனிங் 7, கிளிப் ஒன்று, கேப் ஒன்று. க்ளீனிங்கில் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. அங்கே அட்வான்ஸ் வாங்கவும் போவதில்லை. அரை மணி வேலை அது, ஒரே நேரத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரைப் போட்டுவிட்டு, இரண்டு பேருமே வந்துவிட்டால் ஒருவரைப் பதினைந்து நிமிஷம் உட்காரவைப்பது இப்போதைக்குப் போதும். முதல் தடவை போன் செய்பவர்களுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. அவர்களில் பலர் ஒரே நாளில் மூன்று கிளினிக்குக்குப் போன் போடுகிறவர்கள். முடிந்தவரை அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் என்று கிட்டத்தில் நேரம் கொடுத்துப் பார்க்கிறோம்.

எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அந்த ரிட்டயர்ட் வாத்தியார், 300 ரூபாயைக் கொடுத்துவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "நான் வராட்டி 300 போச்சு. நீங்க அஞ்சுன்னு சொல்லி ஆறு மணிக்குக் கூப்பிட்டா எனக்கு என்ன தருவீங்கம்மா?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. ஏனென்றால் அது நடந்துகொண்டிருந்தது. கடைவாய்ப் பல்லில் நான்காவது வேர்க்கால்வாயைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேர வேலை ஒன்றே முக்கால் மணி ஆகும். அதற்குப் பின்னால் வருகிற எல்லோரும் நகர்வார்கள். வராதவர்கள் இருந்தவரை அந்தக் காலி நேரம்தான் எங்கள் தாமதத்தை இத்தனை நாள் மூடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வர ஆரம்பித்ததும் வராந்தாவில் உட்கார இடமில்லை.

இப்போது ஸ்பெஷலிஸ்ட் நாளில் மூன்றாவது கேஸுக்குப் பிறகு அரை மணி நேரத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறோம். அரை மணிக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள் என்று கூப்பிட்டுச் சொல்கிறோம். அதையும் மீறி முக்கால் மணிக்கு மேல் காக்கவைத்தால் பில்லில் 300 குறைவு. போன மாதம் ஆறு தடவை குறைத்தோம். அதில் இரண்டு தடவை வாத்தியாருக்கே. இரண்டாவது தடவை கைக்கடிகாரத்தைக் காட்டி, "நாப்பத்தேழு நிமிஷம்" என்றார்.